பதின்மூன்று காகிதங்கள், பதினான்கு செலவுகள்

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வீஸ் இன்ஜினியர், வாடிக்கையாளர் ஒருவரின் ஆலையில் வேலை பார்க்க பெங்களூரு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு இரவு ரயிலேறி, திங்களும் செவ்வாயும் லாட்ஜில் தங்கி, புதன் இரவு பஸ்ஸில் திரும்புகிறார். வந்ததும் டிராவல் கிளெய்ம் போட வேண்டும். கையில் இருப்பவை: ரயில் டிக்கெட் பிடிஎஃப், ஆட்டோவுக்கு யூபிஐயில் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், மின்னஞ்சலில் வந்த இரண்டு டாக்ஸி ரசீதுகள், லாட்ஜ் தொடர்பாக மூன்று, சாப்பாட்டு பில்கள் நான்கு, உதிரிபாகக் கடையில் கையால் எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு, வாட்ஸ்அப்பில் வந்த பஸ் டிக்கெட். ஆக பதின்மூன்று.

எல்லாவற்றிலும் உள்ள தொகையைக் கூட்டினால் 17,460 ரூபாய் வருகிறது. அவர் பயணத்துக்கு உண்மையில் ஆன செலவு 10,945 ரூபாய்தான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. காகிதத்தை எண்ணியதுதான் பிழை. எண்ண வேண்டியது செலவை.

லாட்ஜ் காகிதங்களைப் பார்த்தால் இது விளங்கும். அலுவலகமே இணையத்தில் முன்பதிவு செய்து கட்டிய 2,000 ரூபாய்க்கு ஒரு ரசீது. கிளம்பும்போது லாட்ஜ் கொடுத்த 6,515 ரூபாய் பில். மீதியை இன்ஜினியர் கட்டியதற்கு 4,515 ரூபாய் ஸ்கிரீன்ஷாட். மூன்றும் ஒரே செலவைத்தான் சொல்கின்றன. பில் செலவுக்குச் சான்று; மற்ற இரண்டும் பணம் எந்தக் கையிலிருந்து போனது என்பதற்குச் சான்று. எனவே பில்லை மட்டும் செலவாக எழுதி, மற்ற இரண்டையும் அதன் கீழே இணைக்க வேண்டும். முன்பணமும் மீதியும் சேர்ந்து பில் தொகையைத் தொடுகிறதா என்று பார்த்தால் போதும், இரட்டைக் கணக்கு பிடிபட்டுவிடும்.

அதே பில்லுக்குள் இன்னொரு சிக்கலும் உண்டு. அறை வாடகை இரவுக்கு 2,800 வீதம் இரண்டு இரவு, அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி 280. அறைக்கு வரவழைத்த சாப்பாடு வரியோடு 399. சலவை வரியோடு 236. ஒரே பில்லில் மூன்று வகைச் செலவு. ‘தங்கும் செலவு 6,515’ என்று ஒற்றை வரியில் எழுதினால், சாப்பாடு சாப்பாட்டு வரம்புக்கும் சலவை சலவை விதிக்கும் தப்பிவிடும். அறை வரம்பு ஓர் இரவுக்கு என்று இருப்பதால், வாடகையையும் இரவுக்கு ஒரு வரியாகப் பிரிப்பது நல்லது. இப்படிப் பிரித்துச் சேர்த்த பிறகு அவருடைய பதின்மூன்று காகிதங்கள் பதினான்கு செலவுகளாகின்றன.

அடுத்தது தேதி. லாட்ஜ் பில்லில் புதன்கிழமைத் தேதி இருக்கிறது, அன்றுதான் அறையைக் காலி செய்தார். ஆனால் அதிலுள்ள 399 ரூபாய்ச் சாப்பாடு திங்கள் இரவு சாப்பிட்டது. நிறுவனத்தின் சாப்பாட்டு வரம்பு நாளுக்கு 600. பில் தேதியை அப்படியே எடுத்துக்கொண்டால், புதன்கிழமை 185 ரூபாயோடு சேர்ந்து 584 ஆகி வரம்புக்குள் அடங்கிவிடும். சாப்பிட்ட நாளில் வைத்தால், திங்கள் மதியம் சாப்பிட்ட 252 ரூபாயோடு 651 ஆகிறது. வரம்பை 51 ரூபாய் தாண்டுகிறது. பில்லின் உள்வரிகளில் பெரும்பாலும் நாளும் அச்சாகியிருக்கும். அதைத்தான் எடுக்க வேண்டும்.

அந்த 252 ரூபாய் பில் தெர்மல் காகிதத்தில் வந்தது. பர்ஸின் சூட்டில் கறுத்தோ வெளிறியோ போகக்கூடியது. மொத்தத் தொகையின் ஓர் இலக்கம் தெரியவில்லை என்றால் ஊகிக்கத் தேவையில்லை. சாப்பாடு 240, மத்திய ஜிஎஸ்டி 6, மாநில ஜிஎஸ்டி 6 என்று மேலே இருந்தால் மொத்தம் 252தான். தெளிவாக இருக்கும் பில்லிலும் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்ப்பது நல்லது. போட்டோவிலிருந்து தட்டச்சு செய்யும்போது 1 என்பது 7 ஆவதும், புள்ளி விட்டுப்போவதும் இப்படித்தான் பிடிபடும்.

உதிரிபாகக் கடைச் சீட்டு 650 ரூபாய்க்கு. தலைப்பில் ‘எஸ்டிமேட்’ என்று இருக்கிறது. பில் எண்ணும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. வாங்கியது உண்மை, பம்பில் போட்டதும் உண்மை. ஆனாலும் அது வரி பில் ஆகாது. தவிர, இது பயணச் செலவும் அல்ல. சர்வீஸ் பொருள் என்ற தனித் தலைப்பில் போக வேண்டும். ஆட்டோவுக்கு ஸ்கிரீன்ஷாட்தான் இருக்கிறது என்றாலும், 200 ரூபாய் வரை பில் தேவையில்லை என்பது அந்த நிறுவனத்தின் விதி. 180 ரூபாய் என்பதால் அது செல்லும்.

லாட்ஜ் பில்லில் உள்ள வரி பற்றி ஒரு வார்த்தை. நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து பில் வாங்கினாலும், பெங்களூரு லாட்ஜ் போடுவது மத்திய வரியும் கர்நாடக மாநில வரியும்தான். தமிழ்நாட்டில் மட்டும் பதிவு செய்த நிறுவனம் அதை வரவாக எடுக்க முடியாது. ஆகவே வரியும் செலவிலேயே சேர்கிறது.

இனி அறிக்கை:

- வெளியூர்ப் பயணம் (ரயில் 845, பஸ் 950): 1,795
- உள்ளூர்ப் பயணம் (ஆட்டோ 180, டாக்ஸி 412, 386): 978
- தங்கல், வரியோடு: 5,880
- சாப்பாடு (திங்கள் 651, செவ்வாய் 570, புதன் 185): 1,406
- சலவை: 236
- சர்வீஸ் பொருள்: 650
- மொத்தம்: 10,945

இதன் கீழே விதிவிலக்குகள் தனியாக வர வேண்டும். அறை வரம்பு வரி நீங்கலாக இரவுக்கு 2,500. இரண்டு இரவுக்கு 600 கூடுதல், அதற்கான வரி 30, ஆக 630. திங்கள் சாப்பாட்டில் 51. நான்கு இரவுக்குக் குறைவாகத் தங்கினால் சலவை கிடையாது என்பதால் 236. வரி பில் இல்லாத 650. மொத்தம் 1,567. ஒவ்வொன்றின் எதிரிலும் எந்த விதி, எவ்வளவு தாண்டியது, ஏன், யார் ஒப்புதல் தர வேண்டும் என்று எழுத வேண்டும். அறைக்கு, ‘ஊரில் கண்காட்சி, ஆலைக்குப் பக்கத்தில் இதைவிடக் குறைவாக அறை கிடைக்கவில்லை’ என்ற ஒரு வரி போதும்.

செவ்வாய்க்கிழமை வரம்பில் 30 ரூபாய் மிச்சம் இருக்கிறதே, திங்கள் செலவில் கொஞ்சத்தை அங்கே தள்ளலாமே என்று தோன்றும். கூடாது. விதிவிலக்கு என்றால் மறுப்பு என்று பொருளல்ல, மேலதிகாரி முடிவு செய்ய வேண்டியது என்றுதான் பொருள். 51 ரூபாயை வெளிப்படையாகக் காட்டினால் போகக்கூடியது அந்த 51 மட்டுமே. நாளை மாற்றி எழுதியது தெரிந்தால் மற்ற பதின்மூன்று வரிகளையும் கணக்குப் பிரிவு சந்தேகத்தோடு பார்க்கும். தயாரிப்பவர் தானாகவே குறைத்து 600 என்று எழுதுவதும் தவறு. ஒப்புதல் தரக்கூடியவருக்கு அந்த வாய்ப்பே கிடைக்காமல் போகிறது.

கடைசியில் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு. மொத்தம் 10,945இல் அலுவலகம் நேரடியாகக் கட்டியது 2,000. இன்ஜினியர் செலவழித்தது 8,945. கிளம்பும்போது வாங்கிய அட்வான்ஸ் 5,000. மீதி 3,945. இதில் விதிவிலக்குகளை நிறுத்திவைத்து 2,378 ரூபாயை உடனே கொடுத்துவிடலாம். 1,567 ஒப்புதலுக்குக் காத்திருக்கும்.

அந்தக் காத்திருப்புப் பட்டியலுக்கு இன்னொரு பயனும் உண்டு. பெங்களூரு போய்வரும் ஒவ்வொருவரின் கிளெய்மிலும் அறைக்கு 300 ரூபாய் கூடுதல் என்று வந்துகொண்டே இருந்தால், திருத்த வேண்டியது ஊழியரை அல்ல, 2,500 என்ற வரம்பை. செலவுகளைச் சரியான தலைப்பிலும் சரியான நாளிலும் எழுதியிருந்தால்தான் அது கண்ணில் படும்.