“அடுத்ததாக, நம் பொருளாளர்...”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம். செயலாளர் ஆண்டறிக்கையை முடித்துவிட்டு, “அடுத்ததாக, நம் பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்” என்கிறார். உடனே பின்வரிசையில் நாற்காலிகள் நகரும் சத்தம். நாலு பேர் காபி ஃபிளாஸ்க் பக்கம் போகிறார்கள். மற்றவர்கள் செல்போனை எடுக்கிறார்கள். பொருளாளர் இருபது நிமிடம் வாசிக்கிறார். “ஏற்றுக்கொள்கிறோமா?” என்றதும் நிமிர்ந்து பார்க்காமலே கை தூக்குகிறார்கள். கார் நிறுத்தும் இடம் பற்றிய பேச்சு வந்தபிறகுதான் கூட்டம் விழிக்கிறது.

எங்கள் சங்கத்திலும் பல வருடங்கள் இப்படித்தான் நடந்தது. கணக்கு என்றாலே சலிப்பு, அதனால் இப்படி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்த பிறகுதான், தவறு அந்த அறிமுக வாக்கியத்தில் இருந்தது புரிந்தது. கணக்குத் தாள் எல்லார் கையிலும் இருக்கிறது. அதையே ஒருவர் ‘வாசிப்பார்’ என்றால், காபி குடிக்கப் போகிறவரைக் குறை சொல்ல முடியாது.

அறிமுகம் செய்பவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. அதற்குள் ஒரு கேள்வியை உறுப்பினர்கள் மனதில் போட்டுவிட வேண்டும். பதில் பொருளாளரிடம் இருக்க வேண்டும்.

கேள்வியை மேடையில் நின்று யோசிக்க முடியாது. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு பொருளாளர் வீட்டுக்குப் போனேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நாலு தாள் கணக்கை எடுத்து நீட்டினார்.

“சார், இதுல உங்களை ரொம்ப உறுத்துற நம்பர் எது?” என்று கேட்டேன்.

யோசிக்கவே இல்லை. “வருஷ முடிவுல மிச்சம் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்னு காட்டுது. ஆனா பேங்க் இருப்பு அம்பதாயிரம் குறைஞ்சிருக்கு. இதை யாராவது கேப்பாங்கன்னு மூணு வருஷமா காத்துட்டிருக்கேன். ஒருத்தரும் கேக்கலை.”

என் அறிமுகம் அங்கேயே கிடைத்துவிட்டது. அவர் சொன்னது இதுதான். எளிதாகப் புரிய எண்களை முழுதாக்கித் தருகிறேன்.

48 வீடுகள். வீட்டுக்கு மாதம் 3,000 ரூபாய் பராமரிப்புக் கட்டணம். வருடத்துக்கு வர வேண்டியது 17,28,000. செலவு 16,16,000. கழித்தால் மிச்சம் 1,12,000. ஆனால் வரவுப் பக்கத்தில் எழுதியது வர வேண்டிய தொகை, வந்து சேர்ந்த தொகை அல்ல. ஒன்பது வீடுகள் ஆறு மாதம் கட்டவில்லை. வீட்டுக்கு 18,000 வீதம் பாக்கி 1,62,000. அதைக் கழித்தால் கைக்கு வந்தது 15,66,000தான். செலவானதோ 16,16,000. குறைந்த 50,000 வங்கியில் இருந்த பழைய சேமிப்பிலிருந்து போயிருக்கிறது. முதல் தாளான வரவு செலவு அறிக்கை மிச்சம் என்கிறது. இரண்டாம் தாளான இருப்புநிலைக் குறிப்பில் ‘வர வேண்டிய பாக்கி’ என்ற ஒற்றை வரியில் உண்மை உட்கார்ந்திருக்கிறது. இரண்டு தாளையும் சேர்த்துப் பார்க்காதவருக்குச் சங்கம் செழிப்பாக இருப்பதாகத்தான் தோன்றும்.

இரண்டாவதாகத் தண்ணீர் லாரிச் செலவு. முந்தைய வருடம் 1,90,000 இருந்தது 3,10,000 ஆகியிருந்தது. இந்தத் தொகையை அப்படியே சொன்னால் காதில் ஏறாது. 48 வீட்டுக்கும் 12 மாதத்துக்கும் வகுத்தால், வீட்டுக்கு மாதம் 330 ரூபாயாக இருந்தது 538 ஆகியிருக்கிறது. லட்சக் கணக்கு சங்கத்தின் பணம், 538 ரூபாய் என் பணம். காது கொடுக்க வைப்பது இரண்டாவதுதான்.

கூட்டத்தில் நான் சொன்னது ஏறக்குறைய இவ்வளவுதான்:

“எல்லாரும் கையில் இருக்கிற கணக்கில் முதல் தாளையும் இரண்டாம் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் தாளின் கடைசி வரி, இந்த வருடம் நமக்கு 1,12,000 மிச்சம் என்கிறது. இரண்டாம் தாளில் வங்கி இருப்பு போன வருடத்தைவிட 50,000 குறைவு. மிச்சம் வந்தால் இருப்பு எப்படிக் குறையும்? இன்னொன்று, நீங்கள் கட்டுகிற 3,000 ரூபாயில் தண்ணீர் லாரிக்கு மட்டும் எவ்வளவு போகிறது? இரண்டுக்கும் பதில் நம் பொருளாளரிடம் இருக்கிறது. பன்னிரண்டு நிமிடம் பேசுவார். பிறகு பத்து நிமிடம் உங்கள் கேள்விகள். அதன்பின் இந்தக் கணக்கை ஏற்பதா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். சார், வாங்க.”

இதில் பொருளாளரின் படிப்பு, பதவி, தியாகம் எதுவும் இல்லை. அவரைப் புகழ்ந்து ஐந்து நிமிடம் பேசியிருந்தால் மரியாதைக்குக் கை தட்டிவிட்டு அத்தோடு காதை மூடிக்கொண்டிருப்பார்கள். தாளைத் தொடச் சொன்னதற்கும் காரணம் உண்டு. கையில் தாளைப் புரட்டுகிறவர் செல்போனைக் கீழே வைத்தாக வேண்டும். எத்தனை நிமிடம் என்று தெரிந்தால் எழுந்து போக நினைப்பவரும் உட்கார்ந்துவிடுவார். கடைசியில் கை தூக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான், எதற்காகக் கேட்கிறோம் என்பது மனதில் இருக்கும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. ஒன்பது வீடு பாக்கி என்ற விடையை நான் சொல்லியிருந்தால் பொருளாளருக்குப் பேச ஒன்றுமிருக்காது. “கொஞ்சம் போரான பகுதி, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்பது காபிக்கு விடும் இடைவேளை அறிவிப்பு. “கஜானா இவர் கையில், ஜாக்கிரதை” என்ற பழைய நகைச்சுவை, பணத்தைக் கையாள்பவர் மேல் வீணான சந்தேகத்தைத் தூவிவிடும். பாக்கிக்காரர்களின் பெயரை மேடையில் சொன்னால் கணக்கு போய்ச் சண்டை வரும். வீடுகளின் எண்ணிக்கை போதும்.

அறிமுகத்துக்கு ஓர் எல்லை உண்டு. கேள்வியைப் போட்டுவிட்டுப் பொருளாளர் பழையபடி “தொடக்க இருப்பு...” என்று முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தால், கூடுதல் எரிச்சல்தான் மிஞ்சும். அதனால் அவரும் அந்த இரண்டு கேள்விகளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று முதலிலேயே பேசிவைத்தோம். கணக்குத் தாளும் கூட்டத்தன்று காலையில் அல்ல, ஒரு வாரம் முன்பே வீடுகளுக்குப் போயிருக்க வேண்டும். கணக்கை மதிய உணவுக்கு முந்தைய கடைசிப் பொருளாக வைத்தால் எந்த அறிமுகமும் எடுபடாது. நாங்கள் அதைக் கார் நிறுத்தும் பிரச்சினைக்கு முன்னால் வைத்தோம். அந்தப் பிரச்சினைக்காக வந்தவர்கள் எல்லாரும் அப்போது அரங்கில் இருந்தார்கள்.

கவனித்தார்களா என்பதைக் கைதட்டலை வைத்துச் சொல்ல முடியாது, கேள்விகளை வைத்துத்தான் சொல்ல முடியும். “பணம் எல்லாம் எங்கே போகுது?” என்று பொதுவாக ஒருவர் கேட்டால், அவர் கேட்கவில்லை என்று பொருள். அன்று மூன்றாம் மாடி மாமி ஒருவர், “அந்த ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரத்துல போன வருஷப் பாக்கியும் சேர்ந்திருக்கா?” என்று கேட்டார். இல்லை, அத்தனையும் இந்த வருடத்துடையது என்றார் பொருளாளர். அடுத்த ஐந்து நிமிடம், மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைத்தால் என்ன செய்வது என்று கூட்டமே பேசியது. அதன்பிறகு ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, கணக்கு நிறைவேறியது.

உங்கள் சங்கத்துக் கூட்டத்தில் அறிமுகம் செய்யும் பொறுப்பு உங்களுடையது என்றால், இரண்டு நாள் முன்பே பொருளாளர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உங்களை உறுத்தும் எண் எது என்று கேளுங்கள். கூட்டத்தில் சொல்ல வேண்டியது அதிலேயே கிடைக்கும்.