தொண்டையில் நடப்பதுதான் இறக்கையிலும்

பாலிடெக்னிக் லேபில் இருக்கும் வென்சுரி மீட்டரை எடுத்துக்கொள்வோம். 50 மி.மீ. குழாய், நடுவே 25 மி.மீ. தொண்டையாகக் குறுகுகிறது. விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகிவிடும். ஆகவே நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வந்த தண்ணீர், தொண்டையில் 4 மீட்டர் வேகம் எடுக்கிறது.

'வேகம் கூடினால் அழுத்தம் குறையும்' என்று மனப்பாடம் செய்திருப்போம். ஏன் குறைய வேண்டும்? தொண்டைக்குள் நுழையும் ஒரே ஒரு துளியைக் கவனியுங்கள். அதன் வேகம் கூடுகிறது என்றால், நியூட்டன் விதிப்படி ஏதோ ஒன்று அதை முன்னோக்கித் தள்ளியாக வேண்டும். துளிக்கு முன்னும் பின்னும் இருப்பது தண்ணீர்தான். பின்னால் இருக்கும் அழுத்தம் முன்னால் இருப்பதைவிட அதிகமாக இருந்தால்தான் துளி முடுக்கம் பெறும். அப்படியானால் தொண்டையில் அழுத்தம் குறைவாகத்தான் இருக்க முடியும். அந்த அழுத்த வேறுபாடே துளியை வேகப்படுத்துகிறது.

`p1 − p2 = ½ρ(v2² − v1²)`

எண்களைப் போட்டால் ½ × 1000 × (16 − 1) = 7500 பாஸ்கல். தண்ணீர் உயரத்தில் ஏறக்குறைய 76 செ.மீ. உராய்வு இருப்பதால் மானோமீட்டர் இதைவிடச் சற்று அதிகமாகவே காட்டும். அந்த வித்தியாசத்துக்காகத்தான் கணக்கில் `Cd` வருகிறது.

இனி இறக்கைக்கு வருவோம். மேல்பக்கம் வளைந்து நீளமாக இருக்கிறது, கீழ்க்காற்றோடு ஒரே நேரத்தில் பின்முனையைச் சேர வேண்டும் என்பதற்காக மேல்காற்று வேகமாக ஓடுகிறது என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கிறது. இது தவறு. பிரிந்த இரு காற்றும் மறுபடி சந்திக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. காற்றுச் சுரங்கத்தில் புகையை விட்டுப் பார்த்தால், மேல்காற்று முந்திக்கொண்டு பின்முனையைத் தாண்டிவிடுவது தெரியும்.

நடப்பது இதுதான். மேல்பரப்பை ஒட்டிச் செல்லும் காற்று, அந்த வளைவோடு கீழ்நோக்கித் திரும்புகிறது. கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லைப் போல, திரும்பும் காற்றுக்கும் வளைவின் உட்பக்கம் நோக்கி ஒரு விசை வேண்டும். வெளியே வளிமண்டல அழுத்தம் இருக்க, பரப்பை ஒட்டி அதைவிடக் குறைந்த அழுத்தம் இருந்தால்தான் அந்த விசை கிடைக்கும். முன்னாலிருந்து வரும் காற்று இந்தக் குறைந்த அழுத்தத்துக்குள் நுழையும்போது, வென்சுரித் துளியைப் போலவே வேகம் எடுக்கிறது. இறக்கை காற்றைக் கீழே திருப்புகிறது. காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது.

இதற்குப் பெரிய அழுத்தம் தேவைப்படும் என்று தோன்றும். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் எடையைப் பாருங்கள். சுமார் 1,111 கிலோ, இறக்கைப் பரப்பு 16.2 சதுர மீட்டர். வகுத்தால் மேலுக்கும் கீழுக்கும் சராசரியாக 673 பாஸ்கல் வித்தியாசம் போதும். வளிமண்டல அழுத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை!

இறக்கையின் கோணத்தைக் கூட்டக் கூட்டத் தூக்குவிசை வளரும். ஏறக்குறைய 15 பாகையைத் தாண்டினால், காற்றால் மேல்பரப்பின் வளைவோடு திரும்ப முடியாமல் பிய்ந்துவிடுகிறது. தூக்குவிசை சட்டென்று சரிகிறது. இதைத்தான் ஸ்டால் என்கிறோம். என்ஜின் முழு வேகத்தில் ஓடினாலும் இது நேரும். அப்போது விமானி செய்யும் முதல் வேலை, மூக்கைக் கீழே இறக்கிக் காற்றை மறுபடி பரப்போடு ஒட்டவைப்பது.