ஷாஃப்டின் மேல் ஒரு வட்டம்

புதுச் சாக்பீஸ் ஒன்றை இரு முனையிலும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கினால் கொஞ்ச நேரத்தில் உடைந்துவிடும். உடைந்த முகம் தட்டையாக இருக்காது. சாக்பீஸின் நீளவாட்டத்துக்கு ஏறத்தாழ 45 பாகைச் சரிவில், சுருள்வாக்கில் ஓடியிருக்கும். இன்னொரு சாக்பீஸை வளைத்து ஒடித்தால் குறுக்கே நேராக முறியும்.

சாக்பீஸ் நசுக்கலை ஓரளவு தாங்கும், இழுப்பைத் தாங்காது. முறுக்கும்போது யாரும் அதை இழுக்கவில்லையே என்று தோன்றும். உண்மையில் இழுப்பு உள்ளே இருக்கிறது, சரிவான திசையில். 45 பாகையில் அது உச்சத்தைத் தொடுகிறது. அந்த இழுப்புக்குக் குறுக்கே விரிசல் திறந்துகொள்கிறது.

ஒரு பொருளின் உள்ளே ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு, அதன் வழியே மனத்தால் ஒரு வெட்டு வெட்டினால், அந்த வெட்டுமுகத்தில் இரண்டு விதமான தகைவு இருக்கும். முகத்துக்குச் செங்குத்தாக இழுப்பதோ அழுத்துவதோ நேர்த்தகைவு. முகத்தோடு உரசியபடி சறுக்கப் பார்ப்பது சறுக்குத் தகைவு. பட்டறைக்காரர்கள் ஷியர் என்பார்கள். வெட்டைக் கொஞ்சம் சாய்த்தால் இரண்டு எண்களும் மாறும். புள்ளியும் சுமையும் அப்படியே இருந்தாலும் மாறும். அப்படிச் சாய்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஷியர் முழுக்க மறைந்துபோகும். அந்த முகத்தில் நேர்த்தகைவு உச்சத்தில் இருக்கும். அதற்கு 90 பாகை தள்ளியுள்ள முகத்திலும் ஷியர் இருக்காது. அங்கே நேர்த்தகைவு மிகக் குறைவு. இவ்விரண்டும்தான் முதன்மைத் தகைவுகள். ஒரு பொருள் கிழியுமா, எந்தத் திசையில் கிழியும் என்று கேட்பவருக்கு முதலில் வேண்டியவை இந்த இரண்டு எண்கள்.

அவற்றைக் கணக்குப் போட்டும் எடுக்கலாம். காம்பஸால் ஒரு வட்டம் போட்டும் எடுக்கலாம். ஒரு மில்லில் பெல்ட் ஓட்டும் ஷாஃப்டை எடுத்துக்கொண்டு வட்டத்தைப் போட்டுப் பார்ப்போம்.

ஷாஃப்டின் தடிமன் 40 மில்லிமீட்டர். பெல்ட்டின் இழுப்பு அதை வளைக்கிறது. வளைக்கும் திருப்புத்திறன் ஏறத்தாழ 500 நியூட்டன் மீட்டர். மோட்டார் அதை முறுக்குகிறது. முறுக்குவிசை ஏறத்தாழ 377 நியூட்டன் மீட்டர். வழக்கமான சூத்திரங்களில் போட்டால், ஷாஃப்டின் மேற்பரப்பில், வளைவால் அதிகம் இழுபடும் புள்ளியில், நீளவாட்டில் 80 மெகாபாஸ்கல் இழுப்பும் 30 மெகாபாஸ்கல் ஷியரும் வருகின்றன. ஒரு மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர மில்லிமீட்டரில் ஒரு நியூட்டன், அதாவது சுமார் நூறு கிராம் எடை. ஆக, குண்டூசித் தலை அளவுள்ள இடத்தை எட்டுக் கிலோ எடை இழுத்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு சின்னச் சதுரம் வரைந்துகொள்ள வேண்டும். அதன் வலது முகத்தில் 80 வெளிநோக்கி இழுக்கிறது. 30 மேல்நோக்கிச் சறுக்குகிறது. மேல் முகத்தில் இழுப்பும் இல்லை, அழுத்தமும் இல்லை. ஆனால் ஷியர் மட்டும் அங்கேயும் 30 இருந்தே தீரும். வலது, இடது முகங்களின் ஷியர் சேர்ந்து சதுரத்தை ஒரு பக்கமாகச் சுழற்றப் பார்க்கிறது. மேல், கீழ் முகங்களின் ஷியர் அதே அளவில் எதிர்ப்பக்கம் சுழற்றாவிட்டால் சதுரம் பம்பரமாகிவிடும். ஷாஃப்ட் சுற்றும், அதன் உலோகத்துக்குள் ஒரு சதுரம் மட்டும் தனியே சுற்றாது.

இப்போது வரைபடத் தாள். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து மெகாபாஸ்கல் என்று அளவு. கிடை அச்சில் நேர்த்தகைவு. இழுப்பு வலப்பக்கம், அழுத்தம் இடப்பக்கம். நிலை அச்சில் ஷியர். இரண்டு அச்சுக்கும் ஒரே அளவு வைப்பது கட்டாயம். இல்லாவிட்டால் காம்பஸ் போடும் வட்டத்துக்குப் பொருளே இல்லை. ஷியருக்கு ஒரு விதி உண்டு: சதுரத்தைக் கடிகாரத் திசையில் சுழற்றப் பார்த்தால் அச்சுக்கு மேலே, எதிர்த்திசையில் என்றால் கீழே. வலது முகத்தின் ஷியர் மேல்நோக்கி இருப்பதால் சதுரத்தை எதிர்க்கடிகாரத் திசையில் சுழற்றப் பார்க்கிறது. எனவே முதல் புள்ளி வலப்பக்கம் எட்டு சென்டிமீட்டர், கீழே மூன்று. மேல் முகத்துக்கான இரண்டாம் புள்ளி, கிடையில் சுழியம், மேலே மூன்று.

இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தால், கோடு கிடை அச்சை நான்காவது சென்டிமீட்டரில் வெட்டும். அதுதான் மையம். காம்பஸின் முள்ளை அங்கே ஊன்றி, பென்சிலை முதல் புள்ளிவரை விரித்தால் ஆரம் சரியாக ஐந்து சென்டிமீட்டர்: பக்கங்கள் நான்கும் மூன்றும், கர்ணம் ஐந்து. வட்டத்தைச் சுற்றி முடித்ததும் அது கிடை அச்சை வெட்டும் இரண்டு இடங்களைப் படித்தால் போதும். வலப்பக்கம் 90, இடப்பக்கம் மைனஸ் 10.

ஆக, 80 இழுப்பு என்று நினைத்த இடத்தில் உண்மையான உச்ச இழுப்பு 90. நீளவாட்டில் வெறும் இழுப்பு மட்டும் இருப்பதாகத் தெரிந்த இடத்தில், வேறொரு திசையில் 10 அளவுக்கு அழுத்தமும் ஒளிந்திருக்கிறது. வட்டத்தின் உச்சிக்குப் போனால் பெரும ஷியர் 50. அந்த முகத்தில் நேர்த்தகைவு சுழியம் என்று பலர் அவசரமாக எழுதிவிடுவார்கள். உச்சி மையத்துக்கு நேர் மேலே இருக்கிறது. ஆகவே அங்கே நேர்த்தகைவு 40.

திசையையும் வட்டமே சொல்லும். மையத்திலிருந்து முதல் புள்ளிக்குப் போகும் கோட்டுக்கும் கிடை அச்சுக்கும் இடைப்பட்ட கோணம் பாகைமானியில் ஏறத்தாழ 37. வட்டத்தில் எந்தக் கோணமும் இரட்டிப்பாகத்தான் தெரியும். சதுரத்தில் 90 பாகை தள்ளியிருக்கும் வலது முகமும் மேல் முகமும் வட்டத்தில் எதிரெதிராக, 180 பாகையில் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தால் இது புரியும். எனவே 37-இல் பாதி, சுமார் பதினெட்டரைப் பாகை. வட்டத்தில் முதல் புள்ளியிலிருந்து 90-க்கு எதிர்க்கடிகாரத் திசையில் போனோம். ஷாஃப்டிலும் நீளவாட்டிலிருந்து அதே திசையில் திரும்பினால் உச்ச இழுப்பின் கோடு கிடைக்கும். ஷாஃப்ட் சாக்பீஸ் போன்ற நொறுங்கும் பொருளாக இருந்தால், விரிசல் இந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக ஓடும்.

போட்ட வட்டம் சரிதானா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. முதன்மைத் தகைவுகளின் கூட்டுத்தொகை, கொடுத்த நேர்த்தகைவுகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். 90-உம் மைனஸ் 10-உம் சேர்ந்தால் 80. கொடுத்தவை 80-உம் சுழியமும். சரி. ஆனால் இந்தச் சோதனை மையம் சரியா என்று மட்டுமே காட்டும். ஆரத்தைத் தப்பாக எடுத்தாலும் கூட்டுத்தொகை மாறாது. அதற்குப் பெருக்கிப் பார்க்க வேண்டும்: 90-ஐ மைனஸ் 10-ஆல் பெருக்கினால் மைனஸ் 900. கொடுத்த நேர்த்தகைவுகளைப் பெருக்கி, அதிலிருந்து ஷியரின் வர்க்கத்தைக் கழித்தாலும் சுழியத்திலிருந்து 900 போய் அதே மைனஸ் 900 வருகிறது.

கோணத்தில் நேரும் தவறை இந்த இரண்டு சோதனையும் பிடிக்காது. பாதியாக்க மறந்தாலோ, ஷியரின் குறியை மாற்றிப் போட்டாலோ 90-உம் மைனஸ் 10-உம் அப்படியே கிடைக்கும். திசை மட்டும் பிசகும். அனுபவசாலிகள் சதுரத்துக்கே திரும்பிப் போவார்கள். ஷியர் அம்புகளின் முனைகள் ஒரு மூலையில் சந்திக்கும். அந்த மூலைவழிப் போகும் மூலைவிட்டத்தைத்தான் ஷியர் நீட்டுகிறது. உச்ச இழுப்பு, பெரிய நேர்த்தகைவின் திசைக்கும் அந்த மூலைவிட்டத்துக்கும் நடுவில்தான் விழும். நம் சதுரத்தில் அம்புகள் வலது மேல் மூலையில் சந்திக்கின்றன. அந்த மூலைவிட்டம் 45 பாகையில். பதினெட்டரை அதற்குள் அடங்குகிறது. வட்டம் வேறு பக்கம் காட்டினால் சந்தேகப்பட வேண்டியது வட்டத்தைத்தான்.

இந்த வட்டத்தை முதலில் வரைந்தவர் சூரிச்சில் பேராசிரியராக இருந்த கார்ல் குல்மான். கணக்கைக் கோடுகளால் போடும் முறைக்குப் பெயர்பெற்றவர். ஆனால் வட்டம் இன்று ஓட்டோ மோர் என்ற ஜெர்மானியரின் பெயரில் வழங்குகிறது. மோர் இளமையில் ரயில்வேயில் பாலம் கட்டிய பொறியாளர். பின்னாளில் டிரெஸ்டனில் பேராசிரியர். 1882-இல் வெளியான அவர் கட்டுரை, ஒரு தளத்தில் அடங்கிய வட்டத்தை முப்பரிமாணத்துக்கு விரித்தது. பெயர் அவருக்குப் போனதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் மூன்றாவது திசையை மறப்பவர்கள்தான் இந்த வட்டத்தால் ஏமாறுகிறார்கள்.

அழுத்தம் நிரம்பிய மெல்லிய சிலிண்டரின் சுவரைப் பார்த்தால் அது விளங்கும். சுற்றுவாட்டில் இழுப்பு 80 என்றால் நீளவாட்டில் அதில் பாதி, 40. ஷியர் இல்லை. மையம் 60-இல், ஆரம் 20. பெரும ஷியர் 20தான் என்று நிம்மதியடையலாம். ஆனால் சுவரின் கனத்தின் திசையில் தகைவு கிட்டத்தட்ட சுழியம். அந்தச் சுழியத்தையும் ஒரு முதன்மைத் தகைவாகச் சேர்த்து, சுழியத்திலிருந்து 80 வரை பெரிய வட்டம் போட்டால் பெரும ஷியர் 40, அதாவது இரண்டு மடங்கு. நம் ஷாஃப்டில் இந்த வம்பு இல்லை. மூன்றாவது சுழியம் 90-க்கும் மைனஸ் 10-க்கும் இடையிலேயே விழுவதால் முதலில் போட்ட வட்டமே பெரியது.

சாதாரணக் கட்டுமான எஃகு 250 மெகாபாஸ்கல் இழுப்பில் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்று வைத்தால், ஷியரில் அதன் எல்லை பாதி, 125. ஷாஃப்டில் இருப்பது 50. இரண்டரை மடங்கு பாதுகாப்பு என்று கணக்கை மூடிவிடத் தோன்றும். ஆனால் ஷாஃப்ட் சுற்றுகிறது. இழுபட்ட புள்ளி அரைச் சுற்றில் எதிர்ப்பக்கம் போய் 80 அளவுக்கு அழுத்தப்படும், முறுக்கின் 30 மாறாது. அங்கே வட்டத்தின் மையம் மைனஸ் 40. முனைகள் 10-உம் மைனஸ் 90-உம். நடுவழியில் வளைவின் தகைவு சுழியமாகும்போது மையம் அச்சுகள் சந்திக்கும் இடத்துக்கு வந்து ஆரம் 30-ஆகச் சுருங்கும். நிமிடத்துக்கு 1440 சுற்று என்றால் நொடிக்கு 24 முறை இந்தப் போக்குவரத்து நடக்கிறது. இப்படி மாறி மாறி வரும் தகைவில் எஃகு, 250-க்கு வெகு கீழேயே மெல்ல விரிசல் விடக்கூடும். சாவிக்குழியும் தடிமன் மாறும் படியும் இருக்கும் இடங்களில் இன்னும் சீக்கிரம். அதனால் ஷாஃப்டை வடிவமைப்பவர் ஒரு வட்டத்தின் 50-ஐ மட்டும் எல்லையோடு ஒப்பிடுவதில்லை. ஒரு சுற்றில் தகைவு எவ்வளவு ஏறி எவ்வளவு இறங்குகிறது என்பதை எடுத்து, அந்த எஃகின் களைப்பு வரம்போடு ஒப்பிட்ட பிறகே தடிமனை முடிவு செய்கிறார்.