கீசர் சூடாகவில்லையா, சுவிட்ச் விழுகிறதா?

15 லிட்டர் கீசர், 2000 வாட் ஹீட்டிங் எலிமென்ட். 28 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 17 நிமிடம் போதும். அரை மணி ஆகிறதென்றால் முதலில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தாலே 27 நிமிடம் பிடிக்கும், கீசர்மேல் பழியில்லை.

மின்னழுத்தம் சரியென்றால், மெயினை அணைத்து, தண்ணீர் ஆறியபின் மூடியைக் கழற்றி, எலிமென்ட்டின் இரு ஒயர்களையும் பிரித்து மல்டிமீட்டர் வைக்க வேண்டும். சுமார் 26 ஓம் காட்டினால் சுருள் நலம். எதுவுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. சுருள் நன்றாயிருந்தும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே நின்று, விளக்கு மட்டும் சீக்கிரம் அணைகிறதா? தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். போர் தண்ணீர் உப்பு எலிமென்ட்டிலும் தெர்மோஸ்டாட் குழாயிலும் வெள்ளைப் பாறையாகப் படிந்தால், தண்ணீர் சூடாகுமுன்பே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். உப்பைச் சுரண்டி எடுத்தும் மாறாவிட்டால் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள்.

ஆர்.சி.சி.பி. விழுவது வேறு கதை. எலிமென்ட் உறையில் ஊசிமுனை ஓட்டை விழுந்து மின்சாரம் தண்ணீருக்குள் கசிகிறது. முனைக்கும் உலோக உறைக்கும் இடையே மீட்டர் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் எலிமென்ட்டை மாற்றியே ஆக வேண்டும். சிலது சூடானபின்தான் கசியும். அதைப் பிடிக்க எலக்ட்ரீஷியனின் 500 வோல்ட் மெகர் வேண்டும். அதுவரை ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி இணைப்புக் கொடுத்துக் குளிக்காதீர்கள்.