செல்பேசிக்குள் ஒரு பெட்டிக்கடை

(விக்ரோலியில் பத்தாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகனுக்கு எழுதியது. அதே வயதில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கும் இந்தக் கணக்கு உதவும்.)

அன்புள்ள மாப்ளே,

வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து கேமுக்காக மாதம் 300 ரூபாய் உனக்குத் தருவது என்று நானும் உன் அம்மாவும் முடிவு செய்திருக்கிறோம். அம்மா உனக்குக் கைச்செலவுக்குத் தரும் 600 ரூபாயில் இது பாதி. "ஏன் 300? ஏன் மாதாமாதம்? வேண்டும்போது கேட்டால் தரக்கூடாதா?" என்று போனில் கேட்டாய். நியாயமான கேள்விதான். கேமுக்குள் இருக்கும் கடை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பதில் உனக்கே புரியும்.

எங்கள் காலத்தில் ஊரில் பெட்டிக்கடைகளில் பிரைஸ் அட்டை தொங்கும். அட்டை நிறைய சின்னச் சின்ன சீட்டுகள் ஒட்டியிருக்கும். காசு கொடுத்து ஒன்றைக் கிழிக்க வேண்டும். பெரும்பாலும் மிட்டாய்தான் வரும். எங்கோ ஒரு சீட்டில் பெரிய பரிசு இருக்கும். ஜப்பானில் இதேபோல் காசு போட்டுத் திருகினால் பொம்மை விழும் இயந்திரங்கள் உண்டு. அவற்றை வைத்துத்தான் இன்றைய கேம்களில் வரும் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு 'கச்சா' என்று பெயர் வந்தது. நீ 'ஸ்பின்' என்றும் 'கிரேட்' என்றும் சொல்வது அதைத்தான்.

பிரைஸ் அட்டைக்கும் ஸ்பின்னுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அட்டையில் 100 சீட்டு இருந்தால், ஒவ்வொரு சீட்டாகக் கிழிக்கக் கிழிக்க மீதி குறைந்துகொண்டே வரும். 99 சீட்டு போய்விட்டது, பரிசு இன்னும் வரவில்லை என்றால், கடைசிச் சீட்டில் அது இருந்தே ஆக வேண்டும். சாதாரண ஸ்பின்னில் அப்படிக் குறையவே குறையாது. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் யாரும் தொடாத புது அட்டை ஒன்றைத்தான் உன் முன்னால் வைக்கிறார்கள். "இத்தனை முறை வரவில்லை, அடுத்ததில் வந்துவிடும்" என்று உன் மனம் சொல்வது பிரைஸ் அட்டையின் கணக்கு. ஸ்பின்னுக்கு அது பொருந்தாது.

எண்ணிக்கையில் போட்டுப் பார்ப்போம். நீ விரும்பும் துப்பாக்கி ஸ்கின் வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்று கேமில் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள். 100 முறை சுற்றினால் கட்டாயம் கிடைக்கும் என்று தோன்றும். உண்மையில் 100 முறை சுற்றிய பிறகும் கிடைக்காமல் போக 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. கிடைப்பதற்கான வாய்ப்பு 90 சதவீதத்தைத் தொட வேண்டுமானால் சுமார் 230 முறை சுற்ற வேண்டும். உன் கால்குலேட்டரில் 0.99-ஐ நூறு முறை பெருக்கிப் பார், 0.366 வரும். அதுதான் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பு.

இனி இதை ரூபாயில் பார்க்கலாம். கேம் உன்னிடம் ரூபாயில் விலை சொல்வதில்லை. யூசி, டைமண்ட், காயின் என்று தன் சொந்தக் காசில்தான் சொல்லும். கணக்குக்காக, 60 காயின் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்பின்னுக்கு 10 காயின் என்றால், ஒவ்வொரு தட்டலுக்கும் 15 ரூபாய் போகிறது. 100 ஸ்பின் 1,500 ரூபாய். 230 ஸ்பின் 3,450 ரூபாய். உன் 300 ரூபாய்க்கு மூன்று பேக் வாங்கலாம், 270 ரூபாய் ஆகும், 18 ஸ்பின் கிடைக்கும். அந்த 18-இல் ஸ்கின் வர வாய்ப்பு 16 அல்லது 17 சதவீதம்தான். அதாவது ஆறு பேர் இப்படிச் சுற்றினால் சராசரியாக ஒருவருக்குக் கிடைக்கும். ஐந்து பேர் ஏமாந்து திரும்புவார்கள்.

குலுக்கல் இல்லாமல் நேரடியாக வாங்கும் பொருளிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு சட்டை 100 காயின் என்று வைத்துக்கொள். நூறு காயின் பேக் கடையில் இருக்காது, 60-ஆகத்தான் விற்பார்கள். இரண்டு பேக் வாங்க வேண்டும், 180 ரூபாய். சட்டை போக 20 காயின் மிச்சம். அந்த 20 காயினுக்கு இரண்டு ஸ்பின் தவிர எதுவும் வராது. ஆனால் அது திரையின் மூலையில் நின்றுகொண்டு, "இன்னும் 40 சேர்த்தால் அடுத்தது கிடைக்கும்" என்று உன்னை இழுக்கும். சட்டையின் விலை உனக்கு 150 ரூபாய் அல்ல, கையிலிருந்து போன 180 ரூபாய். எதை வாங்கும் முன்பும் காயினை ரூபாயாக மாற்றி ஒரு தாளில் எழுது. நான் கேட்பது அவ்வளவுதான்.

இப்போது, ஏன் மாதத் தொகை என்பதற்கு வருகிறேன். கேமின் கடை வாரக்கணக்கில், மணிக்கணக்கில் ஓடுகிறது. "இன்னும் 6 மணி நேரம்தான்" என்று ஓடும் கடிகாரம் உன்னை இப்போதே முடிவெடுக்கச் சொல்கிறது. ஒவ்வொரு முறையும் 90 ரூபாய்தான் என்பதால் அம்மாவுக்கும் உனக்கும் அது சிறிதாகத்தான் தெரியும். மாதத் தொகை ஒன்று இருந்தால், கேள்வி மாறிவிடுகிறது. "90 ரூபாய் செலவழிக்கலாமா" என்று கேட்பதற்குப் பதில், "இந்த மாதத்து 300-இல் இதற்குத்தான் இடம் கொடுக்க வேண்டுமா" என்று நீயே கேட்டுக்கொள்வாய்.

இதற்கு மூன்று விதிகள். மிஞ்சிய பணம் அடுத்த மாதத்துக்குப் போகும். அடுத்த மாதப் பணத்தை முன்கூட்டியே கேட்க முடியாது. நண்பனிடம் கடன் வாங்கினால் அது முன்பணம் கேட்டதாகத்தான் கணக்கு.

இதை வைத்து ஒரு சீசன் எப்படி ஓடும் என்று பார். நீ கேட்கும் பாஸ் 450 ரூபாய், சீசன் இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் எதுவும் வாங்காமல் விளையாடு. இரண்டாவது மாதம் உன் கையில் 600 இருக்கும். பாஸ் வாங்கினால் 150 மிச்சம். முதல் நாளே வாங்காவிட்டால் நஷ்டம் என்று நினைக்காதே. இப்படிப்பட்ட பாஸ்களில் பெரும்பாலானவற்றில், பிந்தி வாங்கினாலும் அதுவரை ஏறிய படிகளுக்கான பரிசுகள் மொத்தமாகக் கிடைத்துவிடும். அதனால் சீசன் முடியும் முன் கடைசி வாரத்தில், எத்தனை படி ஏறியிருக்கிறாய் என்று பார்த்து முடிவெடு. பள்ளித் தேர்வு காரணமாக நீ பாதிப் படிகூட ஏறவில்லை என்றால், அந்தப் பாஸை வாங்காமல் விட்டதால் 450 ரூபாய் மிச்சம்.

"கேமே வயதுக்கு வரம்பு வைத்திருக்கிறதே" என்று நீ சொன்னாய். உண்மைதான். பிஜிஎம்ஐ 2021-இல் வந்தபோது, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஒரு நாள் செலவு வரம்பு 7,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். முப்பதால் பெருக்கிப் பார், மாதத்துக்கு 2,10,000 ரூபாய். அந்த வரம்பு நம் வீட்டுக்கு வரம்பே இல்லை. வரம்பை வீடுதான் போட வேண்டும்.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்திலேயே நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. உன் வீட்டருகே தொடங்கும் ஜோகேஷ்வரி - விக்ரோலி இணைப்புச் சாலையின் மறுமுனையில், ஜோகேஷ்வரியில், 2021 ஆகஸ்டில் 16 வயதுப் பையன் ஒருவன் அம்மாவின் வங்கிக் கணக்கிலிருந்து பப்ஜிக்காக 10 லட்சம் ரூபாய் செலவழித்துவிட்டான். விளையாட்டு ஐடியும் யூசியும் வாங்கப் போன பணம் அது. வீட்டில் திட்டியதும் கடிதம் எழுதி வைத்துவிட்டு வெளியேறினான். போலீசார் தேடி, அந்தேரி கிழக்கில் மகாகாளி குகைப் பகுதியில் கண்டுபிடித்து, பெற்றோரிடம் ஒப்படைத்தார்கள். அவன் கெட்ட பையன் என்று நான் சொல்லவில்லை. அம்மாவின் கணக்குக்கும் அவன் கைக்கும் நடுவில் கதவு ஏதும் இல்லை. பத்து லட்சம் ஒரே தட்டலில் போயிருக்காது. நடுவில் எங்கேயும் "போதும்" என்று நிறுத்தும் இடம் இல்லாமல் போனதுதான் துயரம்.

அந்தக் கதவை நாம் இப்படி வைப்போம். பிளே ஸ்டோரில் உன் படத்தைத் தொட்டு `Payments & subscriptions`, அதன் உள்ளே `Budget & history` போனால் `Set budget` என்று இருக்கும். 300 என்று அதில் போட்டுக்கொள். ஆனால் ஒன்று தெரிந்துகொள்: தொகையை நெருங்கும்போது அது எச்சரிக்கும், வாங்குவதைத் தடுக்காது. நிஜமாகத் தடுப்பது முன்கூட்டியே போட்ட பணம்தான். அதனால் உன் கணக்கில் இருக்கும் அம்மாவின் யுபிஐயை எடுத்துவிடுவோம். ஒன்றாம் தேதி அம்மா 300 ரூபாய்க்குக் கூகுள் பிளே ரீசார்ஜ் கோடு ஒன்று வாங்கித் தருவார். அதை `Redeem code`-இல் போட்டால் உன் இருப்பில் ஏறும். இருப்பு தீர்ந்தால் கடையும் மூடிக்கொள்ளும். யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை.

மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தாக்களுக்காக அந்த யுபிஐயை மீண்டும் சேர்க்காதே. 15,000 ரூபாய் வரை தானாகக் கழியும் சந்தாவுக்கு, முதல் முறைக்குப் பிறகு ஓடிபி கேட்பதில்லை. ஒரு நாள் முன்பு தகவல் மட்டும் வரும், அதுவும் உன் அம்மாவின் போனுக்குத்தான். வேலை முடிந்து களைத்து வரும் அவர் அதைப் பார்த்திருக்கப் போவதில்லை.

"பாதி விலைக்கு யூசி தருகிறேன், ஐடியும் பாஸ்வேர்டும் கொடு" என்று டெலிகிராமில் சொல்பவர்களிடம் போகாதே. திருட்டு கார்டில் வாங்கிய காயினாக இருந்தால், கேம் நிறுவனம் கண்டுபிடிக்கும் நாளில் முடக்கப்படுவது உன் ஐடி. பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால், அதற்கும் முன்பே ஐடி கை மாறிவிடும்.

மாதக் கடைசி ஞாயிறு, நீயும் அம்மாவும் சேர்ந்து `Budget & history` பக்கத்தை ஐந்து நிமிடம் பாருங்கள். மூன்று அறிகுறிகளைக் கவனி: மாதத்தின் முதல் மூன்று நாளிலேயே இருப்பு தீர்ந்திருக்கிறதா, இரவு பதினோரு மணிக்கு மேல் வாங்கியவை அதிகமா, தோற்ற ஆட்டம் முடிந்த கையோடு வாங்கியவை எத்தனை. இரண்டு மாதம் தொடர்ந்து இப்படி இருந்தால் தொகையைக் கூட்ட வேண்டாம். ஸ்பின்னை நிறுத்திவிட்டு, விலை தெரிந்த பொருளை மட்டும் வாங்கு. நானும் அம்மாவும் அந்தப் பக்கத்தைக் கோபத்தோடு பார்க்க மாட்டோம் என்று உனக்கு வாக்குத் தருகிறேன்.

ஆறு மாதம் இப்படி ஓடட்டும். அதற்குள் 1,800 ரூபாய் உன் கை வழியாகப் போயிருக்கும். எதற்குக் கொடுத்தாய், எது இப்போதும் உனக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதிய தாளோடு வா, தொகையை மாற்றுவது பற்றிப் பேசலாம். அந்தத் தாள் இல்லாமல் பேச வேண்டாம், மாப்ளே.

அன்புடன்,
மாமா