காலர் டியூன் சிலருக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை?

காலர் டியூனுக்குக் காசு கட்டுகிறவர் ஒருவர், அதைக் கேட்பவர் வேறொருவர். கூப்பிட்டவர்கள் சொன்னால்தான் தன் எண்ணில் என்ன பாட்டு ஓடுகிறது என்பதே பலருக்குத் தெரியவரும்.

ரிங்டோன் அப்படியல்ல. அது நம் போனுக்குள் இருக்கும் ஒலிக்கோப்பு. அழைப்பு வந்ததும் போனே அதை ஒலிக்கிறது. காலர் டியூன் இருப்பதோ தொலைபேசி நிறுவனத்தின் சர்வரில். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலும் அதே பாட்டுதான் ஓடும். எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றினால் பாட்டு கூட வராது. தென் கொரியாவில் எஸ்.கே. டெலிகாம் 2002இல் இந்தச் சேவையைத் தொடங்கியது. இந்தியாவில் ஏர்டெல் 2004இல் 'ஹலோ டியூன்ஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது.

பாட்டு வைக்காத எண்ணைக் கூப்பிட்டால் வழக்கமான மணிச்சத்தம் கேட்கும். 4ஜி அழைப்புகளில் பெரும்பாலும் அந்தச் சத்தத்தை எழுப்புவது, கூப்பிடுகிறவரின் போனேதான். எதிர்முனையில் மணி அடிக்கத் தொடங்கியதும் நெட்வொர்க் 180 Ringing என்ற செய்தியை அனுப்புகிறது. அதைப் பார்த்து போன் தானாகவே மணிச்சத்தம் போட்டுக்கொள்ளும். காலர் டியூன் உள்ள எண் என்றால் பெரும்பாலும் வருவது 183 Session Progress. ஒலியை நெட்வொர்க்கே அனுப்பப்போகிறது என்பது அதன் பொருள். உடனே போன் தன் மணியை நிறுத்திக்கொண்டு பாட்டுக்காகக் காத்திருக்கும்.

அந்தப் பாட்டு வழியில் எங்காவது தடைபட்டால், பாட்டும் இல்லை, மணியும் இல்லை.

இணையவழி இன்டர்காம் வைத்திருக்கும் அலுவலகங்களில் இது அடிக்கடி நடக்கும். வரவேற்பாளர் மேசை போனிலிருந்து ஒரு வாடிக்கையாளரைக் கூப்பிடுகிறார். 183 செய்தி வந்து சேர்ந்துவிடுகிறது. ஆனால் எதிர்முனையில் எடுப்பதற்கு முன் வரும் ஒலியை அலுவலக ஃபயர்வாலோ இன்டர்காம் கருவியோ உள்ளே விடுவதில்லை. லைன் செத்துவிட்டது என்று நினைத்து அவர் சில நொடிகளில் வைத்துவிடுகிறார். அங்கேயோ வாடிக்கையாளரின் போன் நன்றாகவே மணியடித்திருக்கிறது. திரையில் மிஸ்டு கால் நிற்கிறது.

கோளாறு இதுதானா என்று கண்டுபிடிப்பது எளிது. வைத்துவிடாமல் அரை நிமிடம் காத்திருந்து, எதிரில் எடுத்ததும் பேச்சு இருபுறமும் தெளிவாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அதே மேசை போனிலிருந்து காலர் டியூன் இல்லாத எண்ணைக் கூப்பிட வேண்டும். அதில் மணிச்சத்தம் கேட்டால், தடைபடுவது எடுப்பதற்கு முன் வரும் ஒலி மட்டுமே. இன்டர்காமைப் பராமரிப்பவரிடம் 'ஏர்லி மீடியா' அமைப்பைச் சரிபார்க்கச் சொன்னால் அவருக்குப் புரியும்.

வெளிநாட்டு அழைப்புகளிலும் இதே சிக்கல் வரலாம். அவை பல நிறுவனங்களின் இணைப்புகளைக் கடந்து வருகின்றன. நடுவில் ஒன்று முன்கூட்டிய ஒலியைக் கடத்தாவிட்டாலும் மௌனம்தான். வாட்ஸ்ஆப் அழைப்பு சேதியே வேறு. அது தொலைபேசி நிறுவனத்தின் காலர் டியூன் சர்வருக்குப் போவதே இல்லை என்பதால், அங்கே எப்போதும் செயலியின் சொந்த மணிதான் கேட்கும்.