ஹெர்னியா அறுவை சிகிச்சைக்குப் பின் உடற்பயிற்சி: எப்போது, எவ்வளவு பளு தூக்கலாம்?

இந்திய டி20 அணியின் கேப்டன் சூர்யகுமார் யாதவ், 2025 ஜூன் மாதம் ஜெர்மனியின் மியூனிக் நகரில் 'ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா' அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பெங்களூருவில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்ற அவர், செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் களமிறங்கினார். இதே கால அட்டவணையைச் சாதாரண ஹெர்னியா நோயாளிகளும் பின்பற்றலாமா?

கூடாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு பாதிப்புகள். ஸ்போர்ட்ஸ் ஹெர்னியாவில் தொடை இடுக்கை ஒட்டிய தசைநார்கள் கிழிகின்றன. குடல் வெளியே பிதுங்குவதில்லை. வழக்கமான ஹெர்னியாவிலோ வயிற்றுச் சுவரில் உண்டான ஓட்டை வழியாகக் குடலோ கொழுப்போ வெளியே தள்ளப்படுகிறது. அந்த இடத்தைப் பெரும்பாலும் செயற்கை வலை வைத்து வலுப்படுத்துகின்றனர்.

வலி நின்றால் போதுமா?

வலி சில வாரங்களிலேயே குறையலாம். ஆனால் வலையைச் சுற்றித் திசு வளர்ந்து உறுதிப்பட அதைவிடக் கூடுதல் காலமாகும். தொடை இடுக்கு ஹெர்னியாவில் நடப்பதையும் அன்றாட வேலைகளையும் சில நாட்களிலேயே தொடங்கலாம். வயிற்றின் நடுவே நீளமாகக் கீறிச் செய்த சிகிச்சையில் காத்திருக்கும் காலம் அதிகம்.

வயிற்றுச் சுவரைச் சோதிப்பது பளு மட்டுமல்ல. நிற்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சுமார் 20 மி.மீ. பாதரச அளவில் இருக்கும். பலமாக இருமினால் அது 100-ஐத் தாண்டலாம், குதித்தால் இன்னும் உயரலாம். எனவே தீராத இருமலையும் மலச்சிக்கலையும் சரிசெய்த பிறகே பளுப் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

படிப்படியாகப் பளு

தொடை இடுக்கு ஹெர்னியாவுக்கு லேப்ராஸ்கோபி முறையில் வலை வைக்கப்பட்ட ஒருவர், முன்பு 80 கிலோ எடையுடன் ஸ்குவாட் செய்தவர் என்று கொள்வோம். சிக்கல் எதுவும் இல்லையெனில் அவருக்கான நிதானமான திட்டம் இப்படி அமையலாம்.

முதல் 2 வாரங்கள்: தினமும் சில முறை 10 நிமிட நடை. மூச்சை வெளியே விடும்போது அடிவயிற்றை மென்மையாக உள்ளிழுக்கும் பயிற்சி. படுக்கையிலிருந்து நேராக எழாமல், பக்கவாட்டில் திரும்பிக் கையூன்றி எழ வேண்டும். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளலாம்.

3 முதல் 5 வாரங்கள்: மல்லாந்து படுத்துக் குதிகாலைத் தரையில் நகர்த்துதல், முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துதல், நிலையான சைக்கிள்.

6-ஆவது வாரம்: அறுவை சிகிச்சை நிபுணரின் பரிசோதனைக்குப் பின், முழங்கால் ஊன்றிய பிளாங்க் 10 விநாடிகள். ஸ்குவாட் பழைய எடையில் கால்பங்கு, அதாவது 20 கிலோ. எழும்போது மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 கிலோ கூட்டினால், 10-ஆவது வாரத்தில் 40 கிலோவையும் 18-ஆவது வாரத்தில் 80 கிலோவையும் எட்டலாம். குதித்தல், வேக ஓட்டம், சிட்-அப் ஆகியவற்றைக் கடைசியில் சேர்ப்பதே நல்லது.

அடுத்த படிக்குச் செல்லலாமா என்பதை நாட்காட்டி மட்டும் தீர்மானிப்பதில்லை. பத்துக்கு இரண்டு என்ற அளவிலான இழுப்பு மறுநாள் காலைக்குள் தணிந்தால் தொடரலாம். அது நீடித்தாலோ, பயிற்சியின்போது வயிற்றின் நடுவே கூம்புபோல் மேடு எழுந்தாலோ, முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும்.

எச்சரிக்கை அறிகுறிகள்

சிகிச்சை செய்த இடத்தில் வீக்கம் தோன்றியவுடன் ஹெர்னியா திரும்பிவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை. அங்கு நீர் தேங்குவதும் உண்டு; அது பெரும்பாலும் சில வாரங்களில் வடிந்துவிடும். இருமும்போது பெரிதாகி, படுத்தால் உள்ளே செல்லும் வீக்கமே ஹெர்னியா திரும்பியதற்கான அறிகுறி. சந்தேகம் இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் காண வேண்டும்; தேவைப்பட்டால் ஸ்கேன் மூலம் உறுதிசெய்யலாம்.

உள்ளே தள்ள முடியாத, கடும் வலியுடைய வீக்கத்தோடு வாந்தி, வயிற்று உப்பசம், வாயு பிரியாமை ஆகியவை சேர்ந்தால் குடல் சிக்கி ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். அப்போது காலை வரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ, திடீர் மூச்சுத்திணறல் ஏற்பட்டாலோ அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதற்கும் உடனடி சிகிச்சை அவசியம்.

38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது சீழ் ஆகியவை தொற்றின் அடையாளங்கள். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 3 மாதங்களுக்குப் பிறகும் எரிச்சலோ மரத்துப்போன வலியோ நீடித்தால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அதைப் பயிற்சியால் சரிசெய்ய முயலாமல் மருத்துவரிடம் தெரிவிப்பதே சரியான வழி.